காலண்டரில் சுபமுகூர்த்தம், ஜோசியர் மட்டும் ஏன் வேண்டாம் என்கிறார்?

கேள்வி: தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டோம். அவள் அனுஷம், மாப்பிள்ளை ரோகிணி. மாப்பிள்ளை வீட்டில் தை மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, உத்திர நட்சத்திரம், காலை 9 முதல் 10.30 என்று குறித்துக் கொடுத்தார்கள். காலண்டரிலும் அது சுபமுகூர்த்த நாள்தான். எங்கள் ஜோசியர் பார்த்துவிட்டு வேண்டவே வேண்டாம் என்கிறார். சென்னையில் மண்டபம் கிடைப்பதே பெரும்பாடு. இதெல்லாம் எதை வைத்துத்தான் சொல்கிறார்கள்? சகுனம், ராகு காலம் என்று படித்தவர்களும் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்?

பதில்:

உங்கள் ஜோசியர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் சொன்னதும் தப்பில்லை. காலண்டரில் சிவப்பில் போடுகிற சுபமுகூர்த்தம் ஊருக்கெல்லாம் பொதுவான நாள். கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்தையும் பார்த்து, பெரிய குறை இல்லாத நாளைப் பொறுக்கிப் போட்டிருப்பார்கள். அந்த நாள் குறிப்பிட்ட இந்தப் பெண்ணுக்கும் இந்தப் பையனுக்கும் ஒத்துவருமா என்பது அடுத்த படி. அதைக் காலண்டர் சொல்லாது.

அந்த அடுத்த படிக்குத் தாராபலம் என்று பெயர். விரல் விட்டு எண்ணத் தெரிந்தால் போதும், நீங்களே பார்க்கலாம். ஜென்ம நட்சத்திரத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டு, கல்யாண நாளின் நட்சத்திரம் வரை எண்ணுங்கள். ஒன்பதுக்கு மேல் போனால் ஒன்பது ஒன்பதாகக் கழித்துவிடுங்கள். மிச்சம் 2, 4, 6, 8, 9 வந்தால் நல்லது. 3, 5, 7 ஆகாது. மூன்றுக்கு விபத்து என்றும் ஏழுக்கு வதம் என்றும் பெயரே பயமுறுத்துகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். 1 ஜென்ம தாரை, அதையும் கல்யாணத்துக்குத் தவிர்ப்பார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. மாப்பிள்ளையின் ரோகிணியிலிருந்து உத்திரம் வரை எண்ணினால் ரோகிணி, மிருகசீரிஷம், திருவாதிரை, புனர்பூசம், பூசம், ஆயில்யம், மகம், பூரம், உத்திரம்: சரியாக ஒன்பது. பரம மைத்ரம் என்பார்கள், அவருக்கு அருமையான நாள். மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் இதைப் பார்த்துத்தான் குறித்திருப்பார். உங்கள் தங்கையின் அனுஷத்திலிருந்து எண்ணினால் ரேவதி வரை 11, அப்புறம் அசுவினியில் தொடங்கி உத்திரம் வரை 12, ஆக 23. பதினெட்டைக் கழித்தால் ஐந்து. ஆகாத தாரை. உங்கள் ஜோசியர் தலையை ஆட்டியது பெரும்பாலும் இதற்காகத்தான் இருக்கும்.

அப்படியானால் எந்த நட்சத்திரம்தான் இரண்டு பேருக்கும் ஒத்துவரும் என்று பார்ப்போம். மொத்தம் 27 நட்சத்திரத்தில் ஒன்பதுதான் இருவருக்கும் நல்ல தாரையாக வருகின்றன: பரணி, புனர்பூசம், ஆயில்யம், பூரம், விசாகம், கேட்டை, பூராடம், பூரட்டாதி, ரேவதி. இந்தப் பட்டியலைப் பார்த்ததுமே பழக்கமுள்ளவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். பரணி, ஆயில்யம், பூரம், விசாகம், கேட்டை, பூராடம், பூரட்டாதி ஏழும் கல்யாணத்துக்கு எடுக்காத நட்சத்திரங்கள். மிஞ்சுவது புனர்பூசமும் ரேவதியும். புனர்பூசத்தின் முதல் மூன்று பாதம் மிதுன ராசியில் இருக்கிறது. உங்கள் தங்கையின் விருச்சிகத்துக்கு மிதுனம் எட்டாம் ராசி. அதாவது அன்று அவருக்குச் சந்திராஷ்டமம். சந்திராஷ்டமத்தில் பெண்ணுக்குத் தாலி கட்ட எந்த ஜோசியரும் நாள் தரமாட்டார்.

ஆக, முழு நாளாகத் தேறுவது ரேவதி ஒன்றுதான். அது 27 நாளுக்கு ஒரு முறை வரும். ஆடி, மார்கழியில் வருவது கணக்கில் சேராது. புரட்டாசியையும் பல வீடுகளில் ஒதுக்கிவிடுவார்கள். செவ்வாய், சனியில் விழுந்தால் அதுவும் போயிற்று. வருஷத்துக்குப் பதின்மூன்று, பதினாலு ரேவதி என்றால், இந்த ஜோடிக்கு உருப்படியாகத் தேறுவது நாலோ ஐந்தோதான். மண்டபம் கிடைக்கவில்லை என்று எல்லோரும் புலம்புவதன் அடிக்கணக்கு இதுதான். எல்லா ஜோடிக்கும் இப்படி வடிகட்டிப் பார்த்தால் கடைசியில் சில நாள்களிலேயே வந்து நெரிசலாக நிற்கிறது. அன்றைக்கு மல்லிகைப் பூ விலை ஏறும், போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்து விடும், பத்திரப் பதிவு அலுவலகத்தில் கூடுதல் டோக்கன் கொடுப்பதாக அரசே அறிவிக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. தமிழ் மாதம் சூரியனை வைத்து வருவது, நட்சத்திரம் சந்திரனை வைத்து வருவது. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் திதி. அதனால் மாதமும் நட்சத்திரமும் தெரிந்துவிட்டால் திதி எந்தப் பக்கம் விழும் என்று பஞ்சாங்கத்தைத் திறக்காமலே சொல்லலாம். தை மாத ரேவதி எந்த வருஷமானாலும் வளர்பிறைச் சதுர்த்திக்கும் அஷ்டமிக்கும் இடையில்தான் வரும். ஆவணி ரேவதி தேய்பிறைத் துவிதியைக்கும் பஞ்சமிக்கும் இடையில். வைகாசி ரேவதி தேய்பிறை நவமியிலிருந்து திரயோதசிக்குள், அமாவாசையை நெருங்கிவிடும். ஆகவே உங்கள் தங்கைக்குத் தைதான் முதல் தேர்வு, ஆவணி இரண்டாவது. வைகாசி என்று யாராவது இழுத்தால் சம்மதிக்க வேண்டாம்.

நல்ல செய்தி என்னவென்றால், உங்கள் திங்கட்கிழமை உத்திரத்துக்குச் சுமார் 12 நாள் முன்னால் தை ரேவதி வந்திருக்கும். திங்களிலிருந்து 12 நாள் பின்னால் போனால் புதன்கிழமை. திதி சஷ்டி அல்லது சப்தமி வாக்கில் இருக்கும். புதன் நல்ல கிழமை. அந்தத் தேதியைப் பஞ்சாங்கத்தில் புரட்டி, ரேவதி காலையில் எத்தனை மணி வரை இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு நாள் அப்படி இப்படி நகரலாம்.

அந்த "எத்தனை மணி வரை" என்ற இடத்தில்தான் அடுத்த சண்டை வரும். தமிழ்நாட்டில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வகைப் பஞ்சாங்கம் ஓடுகிறது. வாக்கியம் என்பது பழைய காலத்துச் சூத்திர வாக்கியங்களை வைத்துக் கணிப்பது. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு, வரருசி செய்ததாகச் சொல்வார்கள். திருக்கணிதம், வானத்தில் கிரகம் இன்றைக்கு எங்கே நிற்கிறதோ அதற்கு ஒத்துப்போகும்படி திருத்திக் கணிப்பது. இரண்டிலும் ஒரே நட்சத்திரம் முடியும் நேரம் சில மணி வித்தியாசப்படும். காலையில் ஒன்பதரைக்குத் தாலி கட்ட வேண்டும் என்று வையுங்கள். ஒரு பஞ்சாங்கத்தில் ரேவதி மதியம் வரை இருக்கும். இன்னொன்றில் எட்டு மணிக்கே முடிந்து அசுவினி ஆரம்பித்திருக்கும். அசுவினி உங்கள் மாப்பிள்ளைக்கு ஏழாவது தாரை. இரண்டு ஜோசியரும் யோக்கியமானவர்கள்தான், ஆனால் ஒருவரையொருவர் முட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சனிப்பெயர்ச்சியே சாட்சி. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்குப் போய்விட்டது என்று தொலைக்காட்சியெல்லாம் பலன் சொன்னது. திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதால், அன்று எங்களுக்குப் பெயர்ச்சி இல்லை, 2026இல்தான் என்று அறிவித்தது. மெதுவாக நகரும் சனிக்கு மாதக்கணக்கில் வித்தியாசம் வரும், வேகமாக ஓடும் சந்திரனுக்கு மணிக்கணக்கில். என்னைக் கேட்டால், எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஜாதகம் எதில் கணித்ததோ அதிலேயே நாளும் பாருங்கள். இரண்டு ஜோசியரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்தப் பஞ்சாங்கம் பார்த்தீங்க?" என்பதுதான். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

ராகு காலத்துக்கு வருவோம். "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று சின்ன வயதில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை என்று அந்த வரிசையில் ஒன்றரை மணி ஒன்றரை மணியாக நகர்ந்து, ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை வரும். இது சூரியன் காலை ஆறுக்கு உதித்து மாலை ஆறுக்கு மறைகிற நாளுக்கு மட்டும் சரியான கணக்கு. விதி என்னவென்றால், அன்றைய பகல்பொழுதை எட்டாகப் பிரிக்க வேண்டும்; திங்கட்கிழமைக்கு இரண்டாவது பங்கு ராகு காலம்.

சென்னையில் தை மாதக் கடைசியில் சூரியன் சுமார் 6.33க்கு உதித்து மாலை 6.11க்கு மறையும். பகல் 11 மணி 38 நிமிஷம், அதாவது 698 நிமிஷம். எட்டில் ஒரு பங்கு 87 நிமிஷம். அப்படிப் பார்த்தால் திங்கட்கிழமை ராகு காலம் எட்டு மணிக்கு ஆரம்பித்து 9.27க்குத்தான் முடிகிறது. உங்களுக்குக் குறித்துக் கொடுத்த 9 முதல் 10.30 முகூர்த்தத்தில் முதல் அரை மணி ராகு காலத்துக்குள்ளேயே இருக்கிறது! காலண்டரை மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஒன்பது மணி சுத்தம், கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்பது மணி ஆகாது. நான் சொன்ன புதன்கிழமைக்கும் இதே கதைதான். அன்று இரண்டாவது பங்கு எமகண்டம், காலண்டரில் ஏழரை முதல் ஒன்பது என்று இருக்கும், கணக்கில் ஒன்பதரை வரை நீளும். தாலி கட்டும் நேரத்தை ஒன்பதரைக்கு மேல் வைத்துக்கொண்டால் இரண்டு கட்சிக்கும் பேச்சு எழாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இதில் இன்னும் மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கிறது, அங்கே திங்கட்கிழமை ராகு காலம் எட்டரையிலிருந்து பத்து வரை. லண்டனில் ஜூன் மாதத்தில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. ராகு காலம் மட்டும் இரண்டு மணி நேரம் ஓடும். டிசம்பரில் அதே லண்டனில் அது ஒரு மணி நேரம்கூட முழுதாக வராது. ஊரிலிருந்து சிவகாசிக் காலண்டரைக் கொண்டுபோய் அங்கே மாட்டிக்கொண்டு ஏழரை–ஒன்பது என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணம் எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர் சூரிய உதயம்தான் கணக்கு.

இது எல்லாவற்றுக்கும் மேல் லக்கினம் என்று ஒன்று உண்டு. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று மாறும். தாலி கட்டும் நேரத்து லக்கினத்துக்கு ஏழாம் இடத்தில் கிரகம் எதுவும் இருக்கக்கூடாது என்பது முக்கியமான விதி. அதை ஜோசியரிடமே விட்டுவிடுங்கள். நாள் ஒத்துக்கொண்ட பிறகு நேரத்தை அரை மணி முன்னே பின்னே தள்ளுவது அவருக்குப் பெரிய வேலை இல்லை.

சரி, ஏன் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்குப் புத்தகத்தில் இருந்து பதில் சொல்வதைவிட என் தாத்தாவைப் பற்றிச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

அவர் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாள் குறித்துக் கொடுப்பவர். திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வெற்றிலை பாக்கோடு ஒருவர் வந்து உட்கார்ந்ததும் அவர் ஜாதகத்தைப் பிரிக்கமாட்டார். "அறுப்பு எப்ப?" என்பார். அப்புறம், "போன வருஷம் தம்பி பாகம் பிரிச்சதுல பாக்கி இருந்துதே, முடிஞ்சுதா?" என்பார். அதெல்லாம் கேட்ட பிறகுதான் பஞ்சாங்கம் மடியிலிருந்து வெளியே வரும். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒருவர் வந்தார். மகளுக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் தை பிறந்ததும் வைத்துவிட வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள் என்றார். முகத்தில் சந்தோஷம் இல்லை. சம்பா அறுத்து நெல்லைப் போட்டுக் காசு கைக்கு வர மாசி ஆகிவிடும். அதற்கு முன்னால் கல்யாணம் என்றால் வட்டிக்கு வாங்கியாக வேண்டும். அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னால் கௌரவம் போய்விடும்.

தாத்தா வெகுநேரம் விரல் விட்டு எண்ணினார். "தை உங்க பொண்ணுக்கு ஆகலையே. தாராபலம் இல்லை. வைகாசியிலதான் இருக்கு" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மஞ்சள் தடவிக் கொடுத்தார். அந்த மனிதர் அந்தச் சீட்டை இரண்டு கையிலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பல வருஷம் கழித்து நானே கணக்குப் படித்தபோது அந்தப் பெண்ணின் நட்சத்திரம் ஞாபகம் இருந்ததால் எண்ணிப் பார்த்தேன். தையிலும் ஒரு நாள் இருந்தது. நன்றாகவே இருந்தது.

அன்றைக்கு தாத்தா பொய் சொன்னாரா என்று இன்னும் எனக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நாள் பார்ப்பது என்ன வேலை செய்கிறது என்பது அங்கேதான் தெரிந்தது. கல்யாணம் என்பது நேற்று வரை முன்பின் தெரியாத இரண்டு குடும்பம் பணத்தையும் மானத்தையும் ஒரே இடத்தில் வைக்கிற காரியம். யார் வசதிப்படி தேதி என்று நேருக்கு நேர் பேசினால் யாராவது ஒருவர் தோற்க வேண்டும். "நட்சத்திரம் கூடலை" என்றால் யாரும் தோற்கவில்லை. சம்பந்தமே வேண்டாம் என்றாலும் "ஜாதகம் பொருந்தவில்லை" என்று சொல்லிவிட்டு நாளைக்கு அதே கடைத்தெருவில் முகம் பார்த்துச் சிரிக்க முடிகிறது. படித்தவர்கள் விடாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். நம்பிக்கை பாதி, மரியாதையாக மறுக்க ஒரு வழி மீதி.

இன்னொரு காரணமும் உண்டு, அது கொஞ்சம் இருண்டது. நாள் பார்க்காமல் செய்துவிட்டு ஆறு மாதத்தில் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், வந்த மருமகள் ராசி என்று பேச்சு வரும். பார்த்துச் செய்திருந்தால் "எல்லாம் பார்த்துத்தானே செய்தோம், விதி" என்று முடித்துக்கொள்வார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் நாள் விஷயத்தில் அதிகம் பயப்படுவது இதனால்தான். உங்கள் அம்மா கவலைப்படுகிறார் என்றால் அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

நாள் பார்த்தால் கெடுதல் வராதா என்றால், வரும். சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் கல்யாணம் நடந்தது சந்திரன் ரோகிணியோடு கூடிய நாளில். அகநானூற்றிலும் கல்யாணத்துக்குச் சொல்லப்படும் நாள் அதுதான், பழந்தமிழருக்கு அதைவிட உயர்ந்த முகூர்த்தம் கிடையாது. அந்தக் கல்யாணம் எங்கே போய் முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். ராமனின் பட்டாபிஷேகத்துக்குக்கூடப் பூசத்தில்தான் நாள் வைத்தார்கள்.

சகுனம் வேறு ஜாதி. நாள் என்பது முன்கூட்டியே கணக்குப் போட்டு எடுப்பது. சகுனம் தானாக எதிரே வருவது. முல்லைப்பாட்டின் ஆரம்பத்திலேயே வயசான பெண்கள் ஊர் எல்லைக்குப் போய், நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கும்பிட்டு, காதில் என்ன சொல் விழுகிறது என்று காத்து நிற்பார்கள். விரிச்சி கேட்டல் என்று அதற்குப் பெயர். அங்கே ஒரு இடைப்பெண், தாய்ப்பசுவைத் தேடித் தவிக்கும் கன்றிடம், "உன் அம்மா இதோ வந்துவிடுவாள்" என்கிறாள். போருக்குப் போன தலைவன் திரும்பிவிடுவான் என்று அந்தச் சொல்லை இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கும் நிச்சயதார்த்தப் பேச்சு நடக்கும்போது கோயில் மணி அடித்தால் பாட்டிமார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும், பல்லி சத்தம் போட்டால் தரையில் விரலால் தட்டுவதும் அதே பழக்கம்தான். வாசல்படியைத் தாண்டுகிற நேரத்தில் மனசு எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது.

இதில் நல்ல சகுனத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கெட்ட சகுனப் பட்டியலில் பூனையையும் விறகுக் கட்டையும் வைத்ததோடு நிற்காமல் மனுஷியையும் வைத்தார்களே, அதுதான். என் பெரியப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். பெரியம்மா இட்லிக்கடை வைத்து ஒரே மகளை வளர்த்தார். அந்த மகள் கல்யாணத்தன்று காலை, வீட்டிலிருந்து மண்டபத்துக்குப் புறப்படும் நேரம். பெரியம்மா சாமான் அறையில் தேங்காயை எண்ணிக்கொண்டு இருக்கிறார். வேலை இருக்கிறது என்று பெயர். எல்லோருக்கும் காரணம் தெரியும், யாரும் பேசவில்லை. அக்கா நேராகக் கொல்லைக்குப் போய் ஒரு பித்தளைக் குடத்தில் தண்ணீர் பிடித்து, அதை அம்மா இடுப்பில் வைத்து, "வாசல்ல இருந்து எதிர்ல வாம்மா" என்றாள். நிறைகுடம் எதிரே வருவது எல்லாச் சகுனத்துக்கும் மேலான சகுனம். கூடத்தில் இருந்தவர்களுக்கு எந்த விதியை எடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு பெரியவர்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நிறைகுடம் வந்தாச்சுல்ல, புறப்படுங்க புறப்படுங்க" என்றார். அக்காவுக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

உங்கள் வீட்டில் அத்தையோ பாட்டியோ அப்படி ஒதுங்கி நிற்க நேர்ந்தால், அதைச் சாஸ்திரம் என்று விட்டுவிடாதீர்கள். ஜோசியத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று வழி வைத்திருக்கிறார்கள். பிரயாணத்துக்குச் சூலம் குறுக்கே வந்தால், திங்களும் சனியும் கிழக்கே போக ஒரு வாய் தயிர், செவ்வாயும் புதனும் வடக்கே போகப் பால், வெள்ளியும் ஞாயிறும் மேற்கே போக வெல்லம் என்று சொல்லித் தாண்டிவிடுவார்கள். ரயில் ராகு காலத்தில்தான் என்றால், முந்தின நாள் நல்ல நேரத்திலேயே பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் வைப்பது என்று அதற்குப் பெயர்; பெட்டி புறப்பட்டுவிட்டால் நாமும் புறப்பட்ட மாதிரிதான். இவ்வளவு நெளிவு சுளிவு தெரிந்தவர்களுக்கு ஒரு பெண்ணை முன்னால் நிற்க வைக்க வழி தெரியாதா என்ன?

நெளிவு சுளிவே கூடாத இடம் ஒன்று இருக்கிறது, அது பிரசவம். நல்ல நட்சத்திரத்தில் குழந்தை பிறக்க வேண்டும் என்று ஆபரேஷனுக்கு நேரம் குறித்துக்கொண்டு போகிறார்கள். எப்படியும் ஆபரேஷன்தான் என்று டாக்டர் முடிவு செய்து, இந்த மூன்று நாளில் எதுவும் சரி என்றால், அதற்குள் ஒரு நேரம் கேட்பதில் தப்பில்லை. நாளுக்காக வாரக்கணக்கில் முன்கூட்டி எடுக்கச் சொல்வதோ, அவசரத்தில் ராகு காலம் முடியட்டும் என்று நிறுத்தி வைப்பதோ வேண்டாம்.

இனி உங்கள் வேலை. முதலில் இரண்டு ஜோசியரையும் போனிலாவது ஒருவரோடொருவர் பேசவையுங்கள். பெற்றவர்கள் நடுவில் நின்று தூது போனால்தான் விஷயம் வீங்கும். தொழில் தெரிந்தவர்கள் இருவர் பேசினால் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். எந்தப் பஞ்சாங்கம் என்று கேளுங்கள். தை ரேவதி, புதன்கிழமை, ஒன்பதரைக்கு மேல் என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள். அந்தத் தேதியில் மண்டபம் கிடைக்காவிட்டால் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு மாலையில் வேறு இடத்தில் வரவேற்பு வைத்துக்கொள்ளலாம், வரவேற்புக்கு யாரும் தாராபலம் பார்ப்பதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் உத்திரத்தை விடவே மாட்டோம் என்றால், உங்கள் ஜோசியரிடம் ஐந்தாம் தாரைக்குப் பரிகாரம் கேளுங்கள். தானம் கொடுத்துச் சரிசெய்கிற வழக்கம் உண்டு. அதற்கு அவரே சம்மதித்தால் நீங்களும் விட்டுக்கொடுங்கள். ஆனால் அந்த ஒன்பது மணியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பத்திரிகையில் "காலை 9.30 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்" என்று அச்சடித்தால் போதும்.